உரத்தொட்டியா, இயந்திரமா: 60 வீடுகளுக்கான ஒரு கணக்கு

அவனியாபுரம் பக்கம் உள்ள எங்கள் குடியிருப்பில் 60 வீடுகள். நாளொன்றுக்குச் சேரும் ஈரக்கழிவை ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பார்த்தோம். வீட்டுக்குச் சராசரியாக 600 கிராம், ஆக மொத்தம் 36 கிலோ. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மட்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று கூறியிருந்ததால், ‘செய்யலாமா’ என்ற கேள்வி எழவில்லை. ‘எதில் செய்வது’ என்பது மட்டுமே பொதுக்குழுவின் முன் இருந்தது.

சாண எரிவாயுக் கலன் போன்ற அமைப்பு முதலிலேயே விலக்கப்பட்டது. எரிவாயுவைப் பயன்படுத்தப் பொதுச் சமையலறை இல்லை; அன்றாடம் வெளிவரும் குழம்பைக் கொட்ட நிலமும் இல்லை. எஞ்சியவை இரண்டு: மின்சாரத்தில் இயங்கும் உரமாக்கும் இயந்திரமும், செங்கற்களுக்கு இடையே துளை விட்டுக் கட்டும் காற்றோட்டத் தொட்டிகளும்.

50 கிலோ கொள்ளளவுள்ள இயந்திரத்துக்கு எங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளி, மின் இணைப்பு உட்பட 4,80,000 ரூபாய். அதாவது வீட்டுக்கு 8,000. நான்கு தொட்டிகள், மேற்கூரை, கசிவு நீருக்கான வடிகால், சல்லடை எல்லாம் சேர்ந்து 1,32,000, வீட்டுக்கு 2,200. இயந்திரம் இடத்தை மிச்சப்படுத்துகிறது, பார்வைக்கும் துப்புரவாக இருக்கிறது. ஆனால் ‘24 மணி நேரத்தில் உரம்’ என்பதைச் சோதித்துத்தான் ஏற்க வேண்டும். வேறொரு குடியிருப்பில் இயங்கும் இயந்திரத்திலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து, நீர் தெளித்து, பையில் கட்டி மூன்று நாள் வைத்தோம். திறந்தபோது புளித்த சோற்று வாடை அடித்தது. சூட்டில் உலர்ந்திருந்ததே தவிர, அது மட்கியிருக்கவில்லை. அதை மேலும் சில வாரங்கள் ஆற வைத்தாக வேண்டும். அதற்கும் இடம் வேண்டுமே!

தொட்டிக் கணக்கு எளியது. ஒவ்வொன்றும் 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். ஒரு தொட்டியை 15 நாள் நிரப்பி, பிறகு 45 நாள் மட்க விட்டால், நான்காவது நிரம்பும் நாளில் முதல் தொட்டி காலி செய்யத் தயாராக இருக்கும்.

ஆயினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது விலை அன்று, பராமரிப்பு. அதிலும் குறிப்பாகத் தென்னை நார்க்கழிவு. சமையலறைக் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் மிகுதி. அதற்கு ஈடாகக் கரிமம் நிறைந்த உலர்ந்த பொருள் சேராவிட்டால் காற்றுப் புகாமல் அழுகிவிடும். ஒரு வாளிக் கழிவுக்கு அரை வாளி நார்க்கழிவு என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் அளவு. கலவையைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. மாதத்துக்கு ஏறத்தாழ 20 மூட்டை தேவைப்படுகிறது; சோழவந்தான் பக்கமிருந்து வரவழைக்கிறோம், 2,000 ரூபாய் ஆகிறது. பணியாளருக்கு 6,000, இதர செலவு 1,000 சேர்த்து மாதம் 9,000, வீட்டுக்கு 150. இயந்திரத்துக்கும் கழிவைப் பிரித்துப் போட ஆள் வேண்டும். மின்சாரமும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்ந்து, நாங்கள் போட்ட மதிப்பீட்டில் வீட்டுக்கு 250 வந்தது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து வரும் மல்லிகைச் சரத்தின் நூல், அந்தக் குடியிருப்பின் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு அடிக்கடி நிறுத்தம் ஏற்படுத்துவதாக அங்குள்ள பணியாளர் சொன்னார். எங்கள் தொட்டியில் அந்த நூல் சல்லடையில் தங்கிவிடுகிறது.

தொட்டியும் பழுதாகும். சென்ற கார்த்திகையில் சமுதாயக் கூடத்தில் நடந்த விசேஷத்தின் மிச்சச் சோறும் சாம்பாரும், நார்க்கழிவு சேர்க்காமலே மூன்றாவது தொட்டியில் கொட்டப்பட்டன. இரண்டாம் நாள் முட்டை அழுகிய வாடை வந்தது. உள்ளே பத்து நிமிடம் செருகி எடுத்த இரும்புக் கம்பி குளிர்ந்திருந்தது. நன்றாக மட்கும் குவியலில் அதைக் கையால் பிடிக்க முடியாத அளவு சூடு இருக்க வேண்டும். முழுவதையும் தார்ப்பாயில் வாரிக் கொட்டி, ஆறு மூட்டை நார்க்கழிவு கலந்து மீண்டும் நிரப்பினோம். நான்காம் நாள் கம்பி சுட்டது. ஒரு மண்வெட்டியும் ஒரு பகல் உழைப்பும் போதுமானதாக இருந்தன. இயந்திரம் நின்றால் பழுது பார்ப்பவர் வரும்வரை அன்றாடம் 36 கிலோவை எங்கே வைப்பது என்பதற்கு எவரிடமும் விடை கிடைக்கவில்லை.

எங்கள் தொட்டிகள் ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் கண்டுள்ளன என்பதையும், இயந்திரத்தை நாங்கள் சொந்தமாக இயக்கியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 200 வீடுகளுக்கு மேல் இருந்து, தரையில் இடமும் இல்லாத வளாகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசிக்குள், 60 மூட்டை நார்க்கழிவை உலர்ந்த நிலையில் வாங்கிக் கூரைக்கு அடியில் அடுக்க 6,000 ரூபாய். மாசி, பங்குனியில் உதிரும் வேப்பஞ்சருகைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டி வைக்கும் பொறுப்பு தோட்டக்காரருடையது.