வெட் ரைசரில் அழுத்தத்தைக் குறைக்க ஆரிஃபிஸ் பிளேட்டா, ரெகுலேட்டர் வால்வா?

எங்கள் குடியிருப்பு 20 மாடி, உயரம் 60 மீட்டரை ஒட்டி. தீயணைக்க எப்போதும் தண்ணீர் நிறைந்து மாடிதோறும் ஏறும் குழாய்தான் வெட் ரைசர்; அதில் ஒவ்வொரு மாடியிலும் ஹோஸ் செருகும் வால்வு லேண்டிங் வால்வு. லேண்டிங் வால்வுகளைப் புதுப்பிக்கும்போது அசோசியேஷனில் இந்தக் கேள்வி வந்தது. பிளேட்டையே தேர்ந்தெடுத்தோம். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

உச்சி மாடி வால்வில் தண்ணீர் ஓடும்போது குறைந்தது சதுர செ.மீ.க்கு 3.5 கிலோ அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் ஏற ஒரு கிலோ போகும், குழாய் உராய்வுக்கு இன்னொரு கிலோ. ஆகக் கீழே பம்ப் 10.5 கிலோ கொடுக்க வேண்டும். அந்த அழுத்தம் முதல் மாடியிலும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். 20 மி.மீ. நாசிலில் 3.5 கிலோ இருந்தால் அது ஆளைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 22 கிலோ எடை. 10 கிலோ ஆனால் 60-ஐத் தாண்டும். யாராலும் பிடிக்க முடியாது. அதனால்தான் வால்வில் 7 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

பிளேட் என்பது வால்வின் ஃபிளேஞ்சில் செருகும், நடுவே துளையிட்ட தகடு. எங்கள் முதல் மாடியில் நிமிடத்துக்கு 500 லிட்டர் ஓட்டத்துக்கு 5.5 கிலோவைக் குறைக்க 22 மி.மீ.க்கு நெருக்கமான துளை. மேலே போகப் போகத் துளை பெரிதாகும். உச்சி மாடிகளுக்குத் தகடே வேண்டாம். ரெகுலேட்டர் வால்வில் ஸ்பிரிங் இருக்கும். உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே செட் செய்த அழுத்தம்தான் வரும். விலையில் தகடுதான் மலிவு, அதை விளக்கத் தேவையில்லை.

ரெகுலேட்டருக்கு ஒரு நிஜமான பலம் உண்டு. தகடு தண்ணீர் ஓடினால்தான் வேலை செய்யும். ஓட்டம் பாதியானால் குறைப்பு கால்வாசியாகிவிடும்: 5.5 கிலோ 1.4 ஆகும், வால்வில் 8.6 நிற்கும். நாசிலை மூடினால் முழு 10 கிலோவும் ஹோஸுக்குள். ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனாலும் என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: செட்டிங் தவறாக இருந்தால் தீ எரியும் நேரத்தில் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

தீயணைப்பு வீரர்கள் எரியும் மாடிக்கு நேராகப் போக மாட்டார்கள். ஒரு மாடி கீழே படிக்கட்டருகே உள்ள வால்வின் வாயில் 63 மி.மீ. ஹோஸின் ஆண் முனையைச் செருகுவார்கள். உள்ளே தள்ளியதும் காதுகள் கிளிக் என்று பிடித்துக்கொள்ளும். மேலே ஹோஸின் முனையில் நாசில் பொருத்திய பிராஞ்ச் பைப்பைப் பிடித்திருப்பவர் தயார் என்றதும் சக்கரத்தை மெதுவாகத் திறப்பார்கள். அழுத்தம் போதவில்லையென்றால் கீழே வண்டியிலிருந்து, நான்கு வாய் இன்லெட் வழியாக ரைசருக்குள் இன்னும் தள்ளுவார்கள். தகடு என்றால் அந்தத் தள்ளல் மேலே போய்ச் சேரும்: இன்லெட்டில் 2 கிலோ கூட்டினால் எங்கள் முதல் மாடி வால்வில் 4.5 கிலோ 5.4 ஆகும். ரெகுலேட்டரோ கூடுதலை விழுங்கிவிட்டு பழைய அளவையே தரும்.

1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவில் நடந்தது இதுதான். 22-ஆம் மாடியில் தீ. ரெகுலேட்டர்கள் தவறாகச் செட் செய்யப்பட்டிருந்ததால் வால்வில் 4 கிலோவுக்கும் கீழே வந்தது; அவர்களுடைய நாசில்களுக்கோ 7 கிலோ தேவை. சரிசெய்யத் தெரிந்த டெக்னீஷியன் பல மணி நேரம் கழித்துத்தான் வந்தார். 125 மி.மீ. ஹோஸைப் படிக்கட்டு வழியே மேலே இழுத்தார்கள். மூன்று வீரர்கள் இறந்தார்கள். கடைசியில் 30-ஆம் மாடியின் ஸ்பிரிங்க்ளர்கள்தான் தீயைத் தடுத்தன.

ஒவ்வொரு ரெகுலேட்டரையும் ஆண்டுதோறும் கொஞ்சம் ஓடவிட்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழு ஓட்டத்திலும் சோதிக்க அமெரிக்க விதி சொல்கிறது. சோதனைத் தண்ணீரைக் கீழே கொண்டுபோகும் தனி டிரெயின் ரைசர் இல்லாத எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி நிமிடத்துக்கு 500 லிட்டரை எங்கே விடுவது? நடக்காது.

தகட்டிலும் பிழை வரும். மாடி மாறிப் பொருத்துவது முக்கியமானது. அதனால் ஃபிளேஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காதில் துளை அளவையும் மாடி எண்ணையும் பொறிக்கச் சொன்னோம். அப்புறம், வால்வுக்கும் ஹோஸுக்கும் நடுவே கேஜ் வைத்து, நாசிலைத் திறந்து ஓடவிட்டு அளக்க வேண்டும். மூடி அளந்தால் 10 காட்டும், தகடே இல்லை என்று நினைப்பீர்கள். ஓடும்போது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றால் வெல்டிங் கசடு துளையை அடைத்திருக்கலாம். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

100 மீட்டரைத் தாண்டிய கோபுரங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அங்கே கீழ் மாடிகளில் நாசில் மூடியபோது நிற்கும் அழுத்தத்தை ஹோஸ் தாங்காது. அதற்குத் தகட்டால் எதுவும் செய்ய முடியாது. ரைசரையே மண்டலங்களாகப் பிரித்து நடுமாடியில் தனி பம்ப் வைக்க வேண்டும்.