இலக்கிய மீளாய்வு: பத்திக்கு ஒரு கட்டுரையா, பத்திக்கு ஒரு கருத்தா?

முதுகலை மாணவர்களுக்கு இலக்கிய மீளாய்வு சொல்லிக்கொடுக்க இரண்டு வார்ப்புகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் ஒவ்வொரு பத்தியும் ஒரு கட்டுரையைச் சொல்லும். மற்றதில் ஒரு கருத்தைச் சொல்லும். காலவரிசைப்படி எழுதுவதும் பெரும்பாலும் முதல் வகையில்தான் போய் முடிகிறது.

சிறு கடைக்காரர்கள் யுபிஐ-யை ஏன் ஏற்கிறார்கள் என்பது ஆய்வுத் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்களில் டேவிஸ் (1989) முதல் வார்ப்பில் ஒரு பத்தி, வெங்கடேஷ் குழுவினர் (2003) அடுத்த பத்தி. ஒவ்வொன்றிலும் நோக்கம், மாதிரி, முறை, முடிவு என நான்கு வாக்கியங்கள். கட்டுரையை முழுதாகப் படிக்காமல் இதை நிரப்ப முடியாது என்பது இதன் பலம். ஆனால் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடாது. அப்படியானால் அங்கே வாதம் இல்லை, பட்டியல்தான் இருக்கிறது.

இரண்டாவது வார்ப்பில் பத்தி இப்படி நகரும். முதல் வாக்கியம் ஆசிரியர் பெயர் இல்லாத ஒரு கூற்று: "பிறருடைய அழுத்தம் எல்லாச் சூழலிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை." அடுத்த இரண்டு மூன்று வாக்கியங்கள் சான்று: டேவிஸின் 1989 கோட்பாட்டில் பயன், எளிமை இரண்டுதான் உண்டு, பிறர் அழுத்தம் இல்லை, வெங்கடேஷ் குழுவினரின் 2003 ஆய்வில் பயன்பாடு கட்டாயமாக இருந்த இடங்களில்தான் அந்த அழுத்தம் செல்லுபடியானது, விருப்பமாக இருந்த இடங்களில் இல்லை. பிறகு ஒரு வாக்கியம் காரணத்துக்கு: கட்டாயப்படுத்தியது நிறுவனம், பயன்படுத்தியவர்கள் ஊழியர்கள். கடைசி வாக்கியம் இடைவெளி: கடைக்காரரை மேலாளர் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் சில்லறை இல்லாத வாடிக்கையாளர் கியூஆர் அட்டையைத் தேடுகிறார், இது கட்டாயமா, விருப்பமா? ஆய்வுக் கேள்வி இந்த இடத்தில் தானாகவே பிறக்கிறது. முதல் வார்ப்பில் எத்தனை பத்தி எழுதினாலும் இது கிடைக்காது.

இரண்டாவதிலும் மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "பலரும் இதை உறுதிப்படுத்தியுள்ளனர்" என்று எழுதி, அடைப்புக்குள் ஐந்து பெயர்களை அடுக்கிவிடுவார்கள். மேலே சொன்ன காரண வாக்கியத்தை எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். மாதிரி யார், அளந்தது எப்படி என்று தெரியாமல் முடிவுகள் ஏன் வேறுபட்டன என்று யாராலும் சொல்ல முடியாது. திருத்தும்போது நாம் முதலில் தேட வேண்டியதும் அந்த வாக்கியத்தைத்தான்.

ஆகவே நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவதையே. முதல் வார்ப்பை அத்தியாயத்துக்கு வெளியே, குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் வெப்ஸ்டரும் வாட்சனும் 2002-ல் முன்வைத்த கருத்து அட்டவணை உதவும்: இடப்பக்கம் கீழ்நோக்கிக் கட்டுரைகள், மேலே குறுக்காகக் கருத்துகள். வெறும் குறி போடாமல், கட்டத்துக்குள் முடிவையும் மாதிரியையும் நாலு சொல்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது அட்டவணையை வரிசை வரிசையாகப் படித்தால் பழையபடி பட்டியல்தான் வரும். மேலிருந்து கீழாக ஒரு நெடுவரிசையைப் படித்தால் அதுவே ஒரு பத்தி.