எனிடெஸ்க்கா, ரிமோட் டெஸ்க்டாப்பா: ஐடிக்கு எழுதும் மெயிலில் எதைக் கேட்பது?

ஆபீஸ் கணினியை வீட்டிலிருந்து திறக்க அனுமதி கேட்டு வரும் மெயில்களைப் பல வருடம் ஐடி மேசையில் உட்கார்ந்து படித்தவன் நான். பெரும்பாலும் ஒற்றை வரிதான் இருக்கும். "எனிடெஸ்க் போட்டுக்கலாமா?" என்பார்கள், அல்லது "ரிமோட் டெஸ்க்டாப் வேணும்" என்பார்கள். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஐடிக்கு அப்படி இல்லை.

கணக்குப் பிரிவில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி மூன்று நாள் இரவு 7 முதல் 10 வரை வேலை பார்க்க வேண்டும். டேலி அவருடைய மேசைக் கணினியில் மட்டும்தான் இருக்கிறது.

எனிடெஸ்க் அவருக்கு ஐந்து நிமிட வேலை. இரண்டு கணினிகளும் வெளியே போய் எனிடெஸ்க் நிறுவனத்தின் சர்வரைத் தொடும். அது இரண்டையும் கோத்துவிடும். ஃபயர்வாலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஐடிக்கு உறுத்துவதும் அதுதான்: அவர்கள் வைத்த வாசலைத் தொடாமலே ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார், வந்தவர் யார் என்பது அவர்கள் பதிவேட்டில் இருக்காது. இந்தச் செயலியை இறக்கச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் சர்வர்களுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக அவர்களே அறிவித்தார்கள். இலவசப் பதிப்போ சொந்த உபயோகத்துக்கு மட்டும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: தனியாக மறைக்காவிட்டால், நீங்கள் வீட்டில் திறக்கும் சம்பளப் பட்டியல் ஆபீஸ் திரையிலும் ஓடும். துப்புரவுக்கு வருபவரும் படிக்கலாம்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கவலை இல்லை. நீங்கள் நுழைந்ததும் ஆபீஸ் திரை பூட்டிக்கொள்ளும். விண்டோஸோடே வருவதால் தனிச் செயலி தேவையில்லை. ஆனால் ஆபீஸ் கணினியில் இருப்பது 'ப்ரோ' அல்லது 'எண்டர்ப்ரைஸ்' பதிப்பாக இருக்க வேண்டும். 'ஹோம்' பதிப்பால் மற்றவற்றை அழைக்க முடியும், தன்னை அழைக்க விடாது.

இதற்கும் ஒரு ஆபத்தான குறுக்கு வழி உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை ரவுட்டரில் நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் 'புளூகீப்' என்ற ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவை நிறுத்தி ஐந்து வருடமான விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அடைப்பு வெளியிட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வர விடும் ஓட்டை அது. ஆகவே கேட்பதானால் "விபிஎன் வழியாக ரிமோட் டெஸ்க்டாப்" என்று கேளுங்கள். விபிஎன் என்பது இணையத்தின் மேலே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக ஐடி போட்டுத் தரும் தனிப் பாதை. போர்ட் உள்ளேயே இருக்கும், நீங்கள் ஓடிபி கொடுத்து வாசல் வழியாக வருவீர்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

இதில் வரும் தலைவலி வேறு. விபிஎன் 'கனெக்டட்' என்று காட்டும், கணினி மட்டும் கிடைக்காது. வீட்டிலிருந்து விண்டோஸ் பவர்ஷெல்லில், PC-ACC-07 இருக்கும் இடத்தில் உங்கள் ஆபீஸ் கணினியின் பெயரைப் போட்டு, இதை அடித்துப் பாருங்கள்:

```
Test-NetConnection PC-ACC-07 -Port 3389
```

`TcpTestSucceeded : True` என்று வந்தால் பாதை சரி. அதற்குப் பிறகும் உள்ளே விடாவிட்டால், உங்கள் பெயர் பெரும்பாலும் `Remote Desktop Users` குழுவில் இருக்காது. `False` வந்தால் முதல் சந்தேகம் கணினி தூங்கிவிட்டது என்பது. அடுத்தது முகவரி மோதல். வீட்டு ரவுட்டரும் ஆபீஸும் 192.168.1 என்றே தொடங்கினால், உங்கள் மடிக்கணினி ஆபீஸ் கணினியை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் வீட்டு முகவரி வரிசையை மெயிலிலேயே கேட்டு வாங்கிவிடுகிறேன்.

அப்படியானால் மெயில் இப்படி இருக்கலாம், மேலாளருக்கும் நகல் போட்டு:

"வணக்கம் சார். மாதத்தின் கடைசி மூன்று வேலை நாட்களில் இரவு 7 முதல் 10 வரை, என் மேசைக் கணினியை (PC-ACC-07, விண்டோஸ் 11 ப்ரோ) விபிஎன் வழியாக ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்க அனுமதி வேண்டும். டேலி மட்டும் பயன்படுத்துவேன். ஃபைல்களை வீட்டுக்கு நகலெடுக்கத் தேவையில்லை, அந்த வசதியை நீங்கள் அடைத்துவிடலாம். வீட்டில் நிறுவனம் கொடுத்த மடிக்கணினிதான், ரவுட்டர் முகவரி 192.168.1.1. அந்த நாட்களில் கணினி தூங்காமல் இருக்க அமைப்பை மாற்றித் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மட்டும் போதும்."

இதில் ஐடியை அசைப்பது "அடைத்துவிடலாம்", "மூன்று மாதத்துக்கு மட்டும்" என்ற இரண்டு இடங்கள்தான். மறுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் காரணங்களை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

விபிஎன்னே இல்லாத, எல்லாக் கணினியும் 'ஹோம்' பதிப்பான பத்துப் பேர் ஆபீஸில் இது எடுபடாது. அங்கே எனிடெஸ்க்கையே கேளுங்கள். ஆனால் நிறுவனப் பெயரில் உரிமம், உங்கள் மடிக்கணினியின் எனிடெஸ்க் எண்ணுக்கு மட்டும் அனுமதி, இரட்டைச் சரிபார்ப்பு என்று மூன்றையும் அதே மெயிலில் எழுதிக் கேளுங்கள்.