பயிற்சியாளர் ப்ரொஃபைல்: மார்க்கா, சதவீதமா, பதிவேடா?

நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட வேண்டும் என்று வந்துவிட்டால், ஹெச்.ஆர். மேஜையில் சேரும் ப்ரொஃபைல்கள் பெரும்பாலும் மூன்று மாதிரிதான் இருக்கும். தலைப்பு, யாருக்கு, பயிற்சிக்குப் பிறகு என்ன மாறியது என்ற மூன்றும் எல்லாவற்றிலும் உண்டு, ஆனால் அந்த மூன்றாவதை ஒவ்வொருவரும் சொல்லும் விதம்தான் வேறு.

முதல் வகையில் தலைப்புகளே முப்பது நாற்பது இருக்கும்: தலைமைப் பண்பு, நேர நிர்வாகம், டீம் பில்டிங், மன அழுத்தம், மேடைப் பேச்சு. யாருக்கு என்றால் கல்லூரி மாணவர் முதல் சி.இ.ஓ. வரை. மாற்றம் என்ற இடத்தில் 'சராசரி மதிப்பீடு 4.8/5' என்று இருக்கும். அந்த மார்க், அன்று மாலை கிளம்பும் அவசரத்தில் நிரப்பிய ஃபீட்பேக் ஃபாரத்திலிருந்து வருவது. டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-ல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. 4.8 முதல் படியோடு நின்றுவிடுகிறது. சாப்பாடு நன்றாக இருந்தாலும் அது ஏறும்.

இரண்டாவது வகை நேரே நான்காம் படிக்குத் தாவும்: 'விற்பனை 30% உயர்ந்தது.' பார்க்கப் பெரிதாக இருப்பதால் மேனேஜ்மென்ட் இதைத்தான் விரும்பும், எனக்கோ மூன்றிலும் அதிக சந்தேகம் இதன் மேல்தான். ஓர் இருசக்கர வாகன ஷோரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் வண்டி எடுக்க நம் ஊரில் பலர் யோசிப்பார்கள், கடையும் காலியாக இருக்கும், விற்பனை ஆட்களைப் பயிற்சிக்கு உட்காரவைக்க அதுதான் தோதான மாதம். முடிந்ததும் ஆவணி வரும், தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் வருவார்கள், எண் தானாக ஏறும். அந்த 30-ல் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, போன வருட ஆவணியோடும், அதே டீலரின் பயிற்சி பெறாத இன்னொரு ஷோரூமோடும் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத சதவீதம் எனக்கு விளம்பரம்தான்.

மூன்றாவது வகை சுமாராகத் தெரியும், தலைப்பு இரண்டு மூன்றுதான். உதாரணத்துக்கு இப்படி எழுதியிருப்பார்: 'ஆபரேட்டராக இருந்து புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு, தமிழில், ஒரு பேட்சுக்கு அதிகபட்சம் 20 பேர். ஷிஃப்ட் ஒப்படைப்பும், தவறு செய்த ஆளிடம் பேசுவதும். இரண்டு லைனில் இரண்டு வாரத்துக்கான 72 ஷிஃப்ட் பதிவுகளைப் பார்த்தோம். மெஷின் நின்ற காரணம் எழுதியிருந்தவை பயிற்சிக்கு முன் 25, ஆறு வாரம் கழித்து 53, மூன்று மாதம் கழித்து 41.'

இப்படி ஒன்று வந்தால் அந்த 41-ஐப் பார்த்துத்தான் கூப்பிடுவேன். 53-லிருந்து இறங்கியதையும் மறைக்காமல் போட்டிருக்கிறார், அதுவும் நிஜத்தில் நடப்பதுதான்: அடுத்த ஷிஃப்ட்காரரோ ப்ரொடக்‌ஷன் மேனேஜரோ அந்தப் பதிவைப் படிக்காவிட்டால் எழுதுகிறவர் கொஞ்ச நாளில் விட்டுவிடுவார், அதைப் பயிற்சியாளரால் தடுக்க முடியாது. எண்ணியது நடத்தையை, மூன்றாம் படியை. பதிவேடு அந்தத் தொழிற்சாலையிலேயே கிடக்கிறது என்பதால் அங்கே இருப்பவர் யார் வேண்டுமானாலும் திரும்ப எண்ணிப் பார்க்கலாம்.

அந்த 20 பேர் வரம்பும் வீம்புக்கு இல்லை. தவறு செய்த ஆளிடம் பேசுவதை ஒவ்வொருவரும் நடித்துப் பார்க்க 3 நிமிடம், அதைப் பற்றிச் சொல்ல 2 நிமிடம் என்றால் 20 பேருக்கு 100 நிமிடம் ஆகிறது. 40 பேரை அடைத்தால் 200 நிமிடம், டீ, சாப்பாடு போக மீதி நாளில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அதனால்தான் பெரிய கூட்டத்தில் நாலு பேர் மேடையேறி நடிக்க, மற்றவர்கள் கைதட்டுவதோடு முடிகிறது. 'எத்தனை பேரானாலும் சரி' என்று ப்ரொஃபைலில் பார்த்தால் அங்கே நடப்பது சொற்பொழிவு என்று எடுத்துக்கொள்வேன். (ஆண்டு விழாவுக்கு ஒரு மணி நேரம் கலகலப்பாகப் பேச ஆள் வேண்டும் என்றால் முதல் வகைக்காரரே போதும், அங்கே 4.8 சரியான அளவுகோல்தான்.)

மூன்றாவது வகைக்கும் ஒரு குறை உண்டு. பயிற்சிக்கு முன்பே எண்ண வேண்டும், அதற்கு வாடிக்கையாளர் பதிவேட்டைத் திறந்துகாட்ட வேண்டும், பல கம்பெனிகள் சம்மதிப்பதில்லை. அதனால் நல்ல பயிற்சியாளரிடமும் இப்படிப்பட்ட எண் ஒன்றிரண்டு இடத்துக்குத்தான் இருக்கும். இன்னொன்று, ரொம்ப மோசமாக இருந்த லைனை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்தால் அது கொஞ்சம் தானாகவே மேலே வரும், ஆகவே எந்த லைன்களை யார் தேர்ந்தெடுத்தது என்று போனில் கேட்டுவிடுங்கள். அப்புறம் அவர் முன்பு போன கம்பெனி ஹெச்.ஆரை விட, அங்கே அந்த சூப்பர்வைசர்களை வேலை வாங்கும் மேனேஜரின் நம்பரை வாங்கி, 'இப்போதும் எழுதுகிறார்களா?' என்று கேளுங்கள்.