மலைநாட்டுக் கூரைக்கு இரண்டு சோலார் விலைமனுக்கள்: எந்த வரியில் பணம் ஒளிந்திருக்கிறது?

அட்டன் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தகரக் கூரையின் ஒரு பக்கம் கிழக்கே சரிகிறது, மறுபக்கம் மேற்கே. சிங்கிள் பேஸ் இணைப்பு. இன்வேர்ட்டர் வைக்கும் சுவரிலிருந்து மீற்றர் பெட்டிக்கு வயர் ஓடும் தூரம் 30 மீற்றர். இந்த வீட்டுக்கு வந்த இரண்டு விலைமனுக்களுக்கும் தலைப்பு ஒன்றுதான்: '5 கிலோவாட் சோலார்'. விலைகள் கணக்குப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்டவை. முதலாவது 8,40,000 ரூபா, இரண்டாவது 9,80,000 ரூபா.

தலைப்பில் உள்ள 5 கிலோவாட் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டிலும் அது இன்வேர்ட்டரின் அளவுதான். முதலாவதில் 550 வாட் பேனல் 9, அதாவது 4.95 கிலோவாட். இரண்டாவதில் 575 வாட் பேனல் 11, அதாவது 6.325 கிலோவாட். பேனல் கிலோவாட்டுக்கு வகுத்தால் முதலாவது கிட்டத்தட்ட 1,69,700 ரூபா, இரண்டாவது 1,55,000 ரூபா. மொத்தத்தில் கூடியதாகத் தெரிந்தது உண்மையில் மலிவு.

5 கிலோவாட் இன்வேர்ட்டருக்கு 6.3 கிலோவாட் பேனல் அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். கொளுத்தும் வெயிலில் நண்பகல் உற்பத்தியில் கொஞ்சம் வெட்டுப்படும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே மாதக் கணக்கில் மூட்டமும் சாரலும். பேனல்கள் முழு அளவைத் தொடும் நேரம் குறைவு, அதிலும் கிழக்கும் மேற்குமாகப் பிரித்துப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராது. மூட்டத்தில் மின்சாரம் தருவது பேனல் பரப்பு. ஆகவே இந்த ஊர்களில் பேனலைக் கூட்டிப் போடுவது சரியான யோசனை.

முதல் விலைமனு 'மாதம் 600 யூனிட்' என்கிறது. 4.95-ஐ 4-ஆலும் 30-ஆலும் பெருக்கினால் 594 வரும். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்பது கீழ்நாட்டு வெயிலின் கணக்கு. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக்கு 3.2 என்று வைத்துப் பாருங்கள்: முதலாவது ஏறத்தாழ 475, இரண்டாவது 607. கிழக்கே மலை மறைத்து எட்டு மணிக்குப் பிறகுதான் வெயில் விழும் வீடென்றால் இதிலும் கழிக்க வேண்டும். கடன் தவணையை 600 யூனிட்டை நம்பிப் போட்டவருக்கு மாதாமாதம் கையிலிருந்துதான் போகும்.

பேனல் தரத்தில் இரண்டாவது விலைமனு டாப்கான் என்ற புது வகை, முதலாவது பேர்க் என்ற பழைய வகை. 'டாப்கான் சூட்டைத் தாங்கும்' என்பதுதான் விற்பவர்கள் முதலில் சொல்லும் காரணம். புத்தளத்தில் அது பெரிய காரணம், குளிர் ஊரில் சின்னக் காரணம். இங்கே அதன் உண்மையான நன்மை, வருடாவருடம் திறன் தேய்வது குறைவு என்பதே. இரண்டு பக்கமும் ஒளி வாங்கும் பேனல் என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தகரத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் பேனலின் அடியில் வெளிச்சம் எங்கே?

இதைவிட முக்கியமானது குளிரில் பேனலின் வோல்ட் ஏறுவது. பேனல் தாளில் உள்ள வோல்ட் 25 பாகை செல்சியஸுக்கு உரியது. டாப்கான் பேனலில் ஒவ்வொரு பாகை குறையும்போதும் அது சுமார் 0.25 சதவீதம் கூடும். இரண்டாவது விலைமனுவில் 11 பேனலும் ஒன்றன்பின் ஒன்றாக வயரில் கோத்த ஒரே வரிசை, அதனால் வோல்ட் எல்லாம் கூடிக்கொண்டே போகும். ஒன்றுக்கு 51.5 வோல்ட் என்றால் மொத்தம் 566. தை மாத விடியலில் 5 பாகைக்கு இறங்கினால் 5 சதவீதம் ஏறி 595 வோல்ட். சிங்கிள் பேஸ் இன்வேர்ட்டர்களில் 600 வோல்ட் எல்லை உள்ளவையும் உண்டு, 550 உள்ளவையும் உண்டு. 600 என்றால் மயிரிழையில் தப்பும், 550 என்றால் இன்வேர்ட்டர் கருகலாம். எல்லை மீறியதென்று தெரிந்தால் வொரண்டியும் கைவிட்டுப் போகும். இந்தக் கூரைக்குச் சரியான வரிசை கிழக்கில் 6, மேற்கில் 5, இன்வேர்ட்டரின் இரண்டு உள்ளீடுகளில் தனித்தனியாக. கிழக்கையும் மேற்கையும் ஒரே வரிசையில் கோத்தால் வெயில் குறைந்த பக்கம் மற்றப் பக்கத்தையும் இழுத்துவிடும். ஒரே வரிசையென்றால் வயர் மிச்சம் என்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள்.

பேனலில் இரண்டாவது மேல் என்றால், வயரிங்கில் நிலைமை தலைகீழ். முதலாவது விலைமனு ஏசி வயர் 10 சதுர மில்லிமீற்றர் செம்பு என்று எழுதியிருக்கிறது. டிசி, ஏசி இரு பக்கமும் மின்னல் தடுப்பு, தனி எர்த் கம்பி, வேலை முடிந்ததும் எர்த் அளந்து எழுதித் தருவது எல்லாம் வரிவரியாக இருக்கிறது. இரண்டாவதில் 'வயரிங் உட்பட' என்று இரண்டே சொல். கேட்டால் 4 சதுர மில்லிமீற்றர் என்கிறார்கள்.

அதன் விளைவைக் கணக்கிலேயே பார்க்கலாம். 5 கிலோவாட் முழுதாக ஓடும்போது சுமார் 22 அம்பியர். 30 மீற்றர் போய் வர 60 மீற்றர். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 6 வோல்ட் ஏறும், 10-இல் இரண்டரை வோல்ட்டுக்கும் குறைவு. இலங்கையில் 230 வோல்ட்டுக்கு மேலே 6 சதவீதம்வரை, அதாவது ஏறத்தாழ 244 வரை, அனுமதி. லைனில் ஏற்கெனவே 240 நிற்கும் இடத்தில் மெல்லிய வயர் போட்டால் இன்வேர்ட்டர் 246-ஐப் பார்க்கும். எல்லை தாண்டியதென்று அது தன்னை நிறுத்திக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் திரும்ப எழும், மறுபடி நிற்கும். போன் செயலியில் நண்பகல் வரைபு ரம்பப் பல்லாகத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். லைன் கடைசியில் உள்ள வீடுகள், விலைமனு வாங்கும் முன்பே மீற்றர் பெட்டியில் நண்பகல் வோல்ட்டை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

பின்சேவையிலும் முதலாமவர் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது. அவர் ஆள் அட்டனில், இரண்டாமவர் கொழும்பில். பேனலுக்கு 25 வருடம், இன்வேர்ட்டருக்கு 10 வருடம் என்பதெல்லாம் தயாரிப்பவரின் வாக்கு. பழுதான இன்வேர்ட்டரைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது, அதுவரை மாற்று இன்வேர்ட்டர் வைப்பார்களா, பொருத்திய வேலைக்கு எத்தனை வருடம் பொறுப்பு: இவை தாளில் இல்லாவிட்டால் கிடைக்காது என்றே வையுங்கள்.

இங்கே அடிக்கடி வரும் பழுது ஒன்று. மழை நாளில் இன்வேர்ட்டர் காலையில் மின்காப்புக் குறைவு என்று பிழை காட்டி நிற்கும், பத்து மணிக்கு ஈரம் காய்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பெரும்பாலும் காரணம், பேனலுக்கு அடியில் தகரத்தின் மேல் கிடந்து நீரில் ஊறும் இணைப்பி, அல்லது இரண்டு கம்பனிகளின் இணைப்பிகளைச் சேர்த்து அழுத்தியது. வெயில் நாளில் வந்து பார்ப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. மழைக்காலையில் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருப்பவர்தான் இதைக் கண்டுபிடிப்பார். இணைப்பிகள் சட்டத்தோடு உயர்த்திக் கட்டப்பட வேண்டும் என்பதையும் விலைமனுவில் ஒரு வரியாகக் கேளுங்கள்.

கரண்ட் போனால் இரண்டு அமைப்புமே நின்றுவிடும். மரம் விழுந்து நாள்கணக்கில் இருளும் இடங்களில் இதைச் சொல்லாமல் விற்பவரும் இருக்கிறார். பற்றரி வேண்டுமென்றால் அதற்கு ஹைபிரிட் இன்வேர்ட்டர், அது வேறு விலைமனு.

இந்த வீட்டுக்கு நாங்கள் சொல்வது: முதலாமவரிடமே போய் 11 பேனல், 6-உம் 5-உமாக இரண்டு வரிசை, வயரிங் இப்போது எழுதியபடியே என்று புது விலை கேளுங்கள். 9,80,000-க்கு மேல் கொஞ்சம் போனாலும் அதுவே மேல். அவர் மறுத்தால், இரண்டாமவர் 10 சதுர மில்லிமீற்றர் வயரையும் மின்னல் தடுப்பையும் இரண்டு வரிசையையும் தாளில் எழுதித் தந்த பிறகு பேசலாம். யாரானாலும், உங்கள் டிரான்ஸ்போமரில் இடமுண்டு என்று மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் அனுமதி கைக்கு வரும்வரை பெரிய முற்பணம் கொடுக்க வேண்டாம்.