கொதிநிலை வரிசை: ஹைட்ரஜன் பிணைப்பா, இருமுனையா, லண்டன் விசையா?

நான்கைந்து பொருள்களைக் கொடுத்து, கொதிநிலை ஏறுவரிசையில் எழுதச் சொல்கிற கேள்வி பிளஸ் ஒன் வேதியியலில் வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிள்ளைகள் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். வழக்கமான வழி மேலிருந்து இறங்குவது: ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறதா, இல்லையென்றால் இருமுனை இருக்கிறதா, அதுவும் இல்லையென்றால் மிச்சம் லண்டன் விசை. நான் இதைத் திருப்பிப் போட்டு, லண்டன் விசையில் தொடங்கித்தான் சொல்லித் தருகிறேன். மூன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். ஒரு திரவம் கொதிக்கும்போது மூலக்கூறு உடைவதில்லை. ஒரு மூலக்கூறு அடுத்ததை விட்டுப் பிரிகிறது, அவ்வளவுதான். பிடித்து வைத்திருக்கும் விசை எவ்வளவு வலுவோ, அவ்வளவு வெப்பம் வேண்டும். அந்தப் பிடி மூன்று வகை. எலக்ட்ரான் முகில் ஒரு கணம் ஒரு பக்கம் ஒதுங்க, பக்கத்து மூலக்கூற்றின் முகிலும் அதற்கேற்ப நகர்வதால் வருவது லண்டன் விசை. நிரந்தரமாகவே ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்றிருந்தால் இருமுனை ஈர்ப்பு. நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் இவற்றில் ஒன்றோடு ஒட்டிய ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூற்றின் தனித்த எலக்ட்ரான் இணையைப் பிடித்துக்கொண்டால் ஹைட்ரஜன் பிணைப்பு. உப்பு, உலோகம், வைரம் போன்றவை இந்தக் கணக்கில் சேராது.

இப்போது HCl, HBr, HI மூன்றையும் எடுத்துக்கொள்வோம். இருமுனைத் திருப்புத்திறன் முறையே 1.08, 0.82, 0.44 டிபை. இருமுனைதான் முடிவு செய்கிறது என்றால் HCl முதலிடத்திலும் HI கடைசியிலும் வர வேண்டும். உண்மையில் HCl −85°, HBr −67°, HI −35° செல்சியஸில் கொதிக்கின்றன. வரிசை அப்படியே தலைகீழ்! குளோரினிலிருந்து அயோடினுக்குப் போகப் போக இருமுனை பாதிக்கும் கீழே இறங்குகிறது, கொதிநிலையோ 50 டிகிரி ஏறுகிறது. ஏற்றிவிடுவது லண்டன் விசைதான். 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கிய வழியில் கணக்குப் போட்டால், HCl மூலக்கூறுகளுக்கு இடையிலான வாண்டர் வால்ஸ் ஈர்ப்பிலேயே ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த விசையின் பங்குதான். HI-இல் கிட்டத்தட்ட முழுவதும் அதுவே. HCl-ஐ முனைவுள்ள மூலக்கூறு என்று சொல்லிப் பழகிவிட்டதால், அதைப் பிடித்து வைத்திருப்பது இருமுனைதான் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம்.

இதே தடுமாற்றம் இன்னும் இரண்டு இடங்களில் வரும். குளோரின் வாயுவுக்கு இருமுனையே கிடையாது. ஆனாலும் −34 டிகிரியில்தான் கொதிக்கிறது, HCl-ஐவிட 50 டிகிரி மேலே. இருமுனையே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடு 77 டிகிரியில் கொதிக்கிறது, இருமுனை உள்ள குளோரோஃபார்ம் 61-இல். விடைத்தாளில் இந்த ஜோடிகள் மாறிப்போயிருந்தால், அந்தப் பிள்ளை இருமுனையில் தொடங்கியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

சரி, லண்டன் விசையை எப்படி மட்டுக்கட்டுவது? பெரும்பாலோர் மூலக்கூறு நிறையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எடை ஒரு அடையாளம்தான். காரணம் எலக்ட்ரான் முகிலின் இளக்கம். முகில் எவ்வளவு எளிதில் உருக்குலைகிறதோ, அதைத்தான் முனைவுறும் தன்மை என்கிறோம். அயோடினின் வெளி எலக்ட்ரான்கள் கருவிலிருந்து தள்ளி இருப்பதால், இலவம்பஞ்சுத் தலையணைபோலத் தொட்ட இடத்தில் அமுங்கிக்கொடுக்கும். ஃபுளூரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. எடையை நம்பினால் எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதற்கு ஹெக்சேனும் பெர்ஃபுளூரோஹெக்சேனும் நல்ல சாட்சி. ஹெக்சேனின் மூலக்கூறு நிறை 86, கொதிநிலை 69°. அதன் ஹைட்ரஜன்கள் அத்தனையும் ஃபுளூரினாக மாறிவிட்டால் நிறை 338, கொதிநிலையோ 57°. நிறை நான்கு மடங்காகியும் கொதிநிலை இறங்கிவிட்டது. அதனால் எலக்ட்ரான்களை எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவை யாரிடம் இருக்கின்றன என்றும் பார்க்கச் சொல்கிறேன். குளோரின், புரோமின், அயோடின், கந்தகம் என்றால் இளகிய முகில். ஃபுளூரின் நிறைய இருந்தால் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது.

அப்புறம் வடிவம். C₅H₁₂ என்ற ஒரே வாய்பாட்டில், நீளச் சங்கிலியான பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது, உருண்டையான நியோபென்டேன் 9.5-இல். உருண்டைக்கு உருண்டை உரசுகிற பரப்பு குறைவு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இருமுனைக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முகில் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்போது அது முன்னுக்கு வரும். அதைத் தனியாகப் பார்க்க 1,2-டைகுளோரோஎத்தீன் வசதியான பொருள். அதே அணுக்கள், அதே பிணைப்புகள். சிஸ் வடிவத்தில் இரண்டு குளோரினும் ஒரே பக்கம் இருப்பதால் இருமுனை உண்டு, டிரான்ஸ் வடிவத்தில் எதிரெதிரே இருப்பதால் இல்லை. சிஸ் 60°, டிரான்ஸ் 48°. ஆக, இங்கே இருமுனை சம்பாதித்துக் கொடுத்தது 12 டிகிரி. பொதுவாக இந்த மாதிரிச் சிறு தொகைதான் கிடைக்கும். விதிவிலக்கு அசிட்டோநைட்ரைல். அதன் இருமுனை 3.9 டிபை, ஹைட்ரஜன் பிணைப்பின் தயவில்லாமலே 82 டிகிரி வரை போய் எத்தனாலையே தாண்டிவிடுகிறது. நைட்ரைல் மாதிரித் தொகுதியைக் கண்டால் நான் என் ஒழுங்கை விட்டுக்கொடுத்து, இருமுனைக்குக் கூடுதல் மதிப்புத் தருவேன்.

ஹைட்ரஜன் பிணைப்பின் பலம் தெரிய வேண்டுமென்றால் புரொப்பேன், டைமெத்தில் ஈதர், எத்தனால் மூன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மூன்றிலும் 26 எலக்ட்ரான்கள்தான், அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே லண்டன் விசை பெரிதாக மாறப்போவதில்லை. புரொப்பேன் −42°. ஈதரில் இருமுனை சேர்கிறது, −24°. எத்தனாலில் O–H வந்ததும் ஒரே தாவலில் 78°. இருமுனை 18 டிகிரி ஏற்றிய இடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு 100 டிகிரிக்கு மேல் ஏற்றியிருக்கிறது. இந்த ஒப்பீட்டில் அதற்குப் போட்டியே கிடையாது என்பதை மறுக்கவில்லை.

இங்கே வலுவோடு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் HF-இன் ஹைட்ரஜன் பிணைப்பு நீரினதைவிட வலுவானது. ஆனால் HF-இல் ஹைட்ரஜன் ஒன்றுதான், ஆகவே மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதோடு சரி. நீரில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு தனித்த இணை; ஒரு மூலக்கூறு நாலு பக்கமும் கை கொடுக்க முடியும். போதாக்குறைக்கு, HF ஆவியாகும்போதும் சங்கிலி முழுதாக அறுவதில்லை; கொத்துக் கொத்தாகவே போகிறது. அதனால் HF 19.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, நீர் 100 வரை தாங்குகிறது. அம்மோனியாவில் ஹைட்ரஜன் மூன்று இருந்தும் கொடுக்க இருக்கும் இணை ஒன்றே ஒன்று, −33°.

இப்போது நான் லண்டன் விசையை முதலில் வைப்பதற்கான முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜன் பிணைப்பு உள்ளதுதான் எப்போதும் மேலே என்று மனப்பாடம் செய்த பிள்ளை, 15-ஆம் தொகுதியில் வசமாக மாட்டிக்கொள்ளும். PH₃ −88°, AsH₃ −62°, SbH₃ −17°. அம்மோனியா −33 டிகிரியில் நிற்பதால் பாஸ்ஃபீனையும் ஆர்சைனையும் ஜெயித்துவிடுகிறது, ஸ்டிபீனிடம் தோற்றுவிடுகிறது. ஸ்டிபீனில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை, சொல்லிக்கொள்ளும்படி இருமுனையும் இல்லை. ஆனால் 54 எலக்ட்ரான்கள், அதுவும் இளகிய ஆன்டிமனியின் முகில். அம்மோனியாவில் வெறும் 10. பக்கத்துத் தொகுதியில் நீர் அப்படித் தோற்பதில்லை. H₂Te கூட −2 டிகிரிதான். ஆனால் நீரையும் தாண்ட முடியும். பெட்ரோலில் இருக்கும் ஆக்டேன் வகைகளில் நேர்ச்சங்கிலி ஆக்டேன் 126 டிகிரியில் கொதிக்கிறது. ஒவ்வொரு தொடுகையிலும் லண்டன் விசை சிறியதுதான். ஆனால் அது மூலக்கூற்றின் உடல் முழுக்கப் பிடிக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பிடிக்கிறது. உடல் நீள நீள முதலாவது கூடிக்கொண்டே போகும்.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்: ஆர்கான், HCl, Cl₂, Br₂, மெத்தனால். முதலில் முகிலை எண்ணுகிறோம். ஆர்கான், HCl, மெத்தனால் மூன்றிலும் 18 எலக்ட்ரான்கள். Cl₂-இல் 34, Br₂-இல் 70. முகிலை மட்டும் வைத்து அடுக்கினால் அந்த மூன்றும் அடியில், மேலே Cl₂, அதற்கும் மேலே Br₂. அடுத்து, அடியில் கட்டிக் கிடக்கும் மூன்றையும் பிரிக்கிறோம். ஆர்கான் உருண்டையான ஒற்றை அணு, வேறு எந்தப் பிடியும் இல்லை. ஆகவே கடைசி, −186°. HCl-இல் முகில் சற்று இளகியது, இருமுனையும் கொஞ்சம் உதவும், −85°. அது Cl₂-ஐத் தாண்டாது என்று மேலேயே பார்த்துவிட்டோம். மெத்தனாலில் O–H இருக்கிறது. 26 எலக்ட்ரான் கணக்கில் பார்த்த மாதிரி அது ஒரே தாவலில் 100 டிகிரிக்கு மேல் தூக்கும். ஆக, Cl₂-ஐத் தாராளமாகத் தாண்டிவிடும்.

மிச்சம் இருப்பது Br₂-ஆ மெத்தனாலா என்ற கேள்விதான். ஒரு பக்கம் 70 எலக்ட்ரான் உள்ள இளகிய முகில், மறுபக்கம் சிறிய உடலில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு. அட்டவணையில் Br₂ 59°, மெத்தனால் 65°. வெறும் 6 டிகிரி. இதை எந்த முறையாலும் பார்த்துச் சொல்ல முடியாது, என் முறையாலும்தான். ஹைட்ரஜன் பிணைப்பில் தொடங்கினவர்களுக்கு இங்கே சரியான விடை வந்திருக்கும். ஆனால் Br₂ இடத்தில் 184 டிகிரியில் கொதிக்கும் அயோடினை வைத்திருந்தால் அவர்களுக்குத் தப்பிப்போயிருக்கும். வெவ்வேறு வகைப் பிடி உள்ள இரண்டு பொருள்கள் இப்படி நெருங்கி வந்தால், ஊகிக்காமல் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லிவிடுவேன். கேள்வித்தாள் தயாரிக்கும்போது அந்த மாதிரி ஜோடியை வைப்பதும் இல்லை.