கேரள பாடத்திட்டத் தமிழ்வழி கைடு வரிசை: தலைப்புகள் எப்படி இருக்கின்றன? ஒரு கடைக்காரரின் அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன், ஜூன் வந்தால் கைடுதான் பாதி வியாபாரம். தமிழ்வழிப் பிள்ளைகளுக்காகப் பக்கத்து ஊர் அச்சகம் ஒன்று போடும் வரிசையைச் சில வருடங்களாக விற்று வருகிறேன். உள்ளே இருக்கும் பாடத்தைப் பற்றி ஆசிரியர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது அட்டையில் இருக்கும் பெயரைப் பற்றி.

ஆரம்பத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அலங்காரப் பெயர் இருந்தது. கணிதத்துக்கு ஒன்று, அறிவியலுக்கு வேறொன்று, எந்த வகுப்பு என்று பார்க்க உள்பக்கம் திருப்ப வேண்டும். இதெல்லாம் ஒரே வரிசை என்பதே வாங்குபவருக்குத் தெரியாது. அப்புறம் மாற்றினார்கள்: வரிசைப் பெயர், பாடம், வகுப்பு, இந்த மூன்றும் எல்லாப் புத்தகத்திலும் இதே ஒழுங்கில். கேட்க எளிது, ஆனால் கடைப்பிடிக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

முதல் சிக்கல் வகுப்பை எழுதும் விதம். 'ஆறாம் வகுப்பு', 'பத்தாம் வகுப்பு' என்று எழுத்தில் போட்டிருந்தார்கள். என் பில்லிங் கணினியில் கணிதம் என்று தேடினால் அகர வரிசையில் ஆறு, எட்டு, ஏழு, ஐந்து, ஒன்பது, பத்து என்று வரும். எண்ணில் போடச் சொன்னேன், போட்டார்கள், இப்போது 10 முதலில் வந்து அதன் பிறகு 5 நிற்கிறது, ஏனென்றால் அந்த மென்பொருள் எண்ணையும் எழுத்தாகத்தான் பார்க்கிறது. நான் என் பட்டியலில் 05, 06 என்று பூஜ்யம் சேர்த்துச் சமாளிக்கிறேன், அட்டையில் வெறும் 5 இருந்தால் போதும். பத்தில் மட்டும் இன்னொரு தொல்லை: மற்ற வகுப்புக்கெல்லாம் எண், அதற்கு மட்டும் பெரிதாக எஸ்.எஸ்.எல்.சி. என்று இருந்தது. "அண்ணா, எஸ்.எஸ்.எல்.சி. கைடு இருக்குங்களா?" என்றுதான் பிள்ளைகளும் கேட்கிறார்கள், அதனால் அதை எடுத்துவிடவும் முடியாது. இப்போது தலைப்பில் 10, எஸ்.எஸ்.எல்.சி. கீழே ஒரு பட்டையில். சரியான ஏற்பாடு.

உண்மையான குழப்பம் சமூக அறிவியலில். பத்தாம் வகுப்புக்கு அது ஒன்று, இரண்டு என்று இரண்டு புத்தகம், பாடநூலே பகுதி பகுதியாக வேறு வருகிறது. ஆக 'சமூக அறிவியல் 2, பகுதி 1, வகுப்பு 10' என்று ஒரே அட்டையில் மூன்று எண்கள். இரண்டாம் புத்தகம் கேட்டவருக்கு இரண்டாம் பகுதியைக் கொடுத்தனுப்பி, மறுநாள் அவர் திரும்பி வருவது சாதாரணம். தீர்வு சின்னதுதான்: சாதாரண எண் வகுப்புக்கு மட்டும், புத்தகத்துக்குப் பாடநூலில் உள்ளது போலவே ரோமன் எண், பகுதிக்கு 'முதல் பகுதி' என்று எழுத்தில். அதற்கப்புறம் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஒரு இடத்தில் கெடுதல் செய்தது. கீழ் வகுப்புகளில் அடிப்படை அறிவியல் என்று ஒரே பாடம், ஒன்பதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனி. வரிசை கெடக்கூடாது என்று ஒன்பதுக்கு 'அறிவியல்: இயற்பியல்' என்று போட்டார்கள், முதல் சொல்லைப் பார்த்தவர்கள் மூன்றும் ஒரே புத்தகத்தில் இருக்கிறது என்று நினைத்து ஒன்றை மட்டும் வாங்கிப் போனார்கள். பாடநூல் அட்டையில் என்ன பெயரோ அதேதான் கைடிலும் இருக்க வேண்டும். பாடத்திட்டமே பிரியும் இடத்தில் தலைப்பும் பிரிந்துதான் ஆகும்.

எல்லை ஊர் என்பதால் எங்களுக்கு மாநிலப் பெயரும் முக்கியம். பொள்ளாச்சியிலிருந்து வரும் தமிழ்நாட்டுக் கைடும் இதே அலமாரியில்தான் இருக்கும், அங்கே பத்தாம் வகுப்புக்கு அறிவியல் ஒரே பாடம், ஆனால் 'கணிதம் 10' என்ற தலைப்பு இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். இந்த வரிசையில் 'கேரள பாடத்திட்டம்' என்பது பின்னட்டையில் பொடி எழுத்தில் கிடக்கிறது. முன்னட்டையில், வகுப்பு எண்ணுக்கு அடியில் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், வடிவமைப்பு கெட்டுவிடும் என்கிறார்கள்.

இன்னொரு குறை பதிப்பு. கேரளத்தில் 2024இல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும், 2025இல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் பாடநூல் மாறியது. இவர்கள் 'புதிய பாடத்திட்டம்' என்று ஒட்டினார்கள். ஒரு வருடம் வரிசையில் ஒன்று விட்டு ஒன்று புதியது, அடுத்த வருடம் எல்லாமே புதியது, பழைய பத்தும் புதிய பத்தும் ஒரே தலைப்பில் என் அலமாரியில். '2025 பாடநூல்' என்று வருடத்தைப் போட்டிருந்தால் நான் பொருளடக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது.

மொத்தத்தில் வாங்கலாம், தலைப்பு மற்ற உள்ளூர் கைடுகளைவிட எவ்வளவோ தேவலை. வாங்கும்போது பின்னட்டையை மட்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.